நோட்டீஸ்ல "விரைவில்"னு எழுதாதீங்க, நாள் போட்டு எழுதுங்க

போன வருஷம் கொடுங்கையூர்லேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க. 28,500 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கி ரெண்டு மாசத்துல கூலிங் நின்னுபோச்சு, மெக்கானிக் மூணு தடவ வந்து பாத்துட்டு போயும் அதே கதை, கடைல கேட்டா கம்பெனிய கேளுங்குறாங்க, கம்பெனிக்கு போன் போட்டா கடைய கேளுங்குறாங்க. அவங்களே எழுதி கடைக்கு குடுத்த லெட்டர் ரெண்டு பக்கம், முழுக்க மனக்கஷ்டம், கடைசில "விரைவில் நல்ல முடிவு எடுக்கவும்"னு இருந்துச்சு. படிக்கவே கஷ்டமா இருந்துச்சு, ஆனா என்ன வேணும், எப்போக்குள்ள வேணும்னு அதுல எங்கயும் இல்ல.

சட்டப்படி நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடுறதுக்கு முன்னாடி நோட்டீஸ் கட்டாயம் இல்ல. இருந்தும் நான் அனுப்பச் சொல்றதுக்கு காரணம், ஒரு வாய்ப்பு குடுத்தும் அவங்க செய்யலன்னு ஆணையத்துல காட்ட அது உதவும். அதனால புதுசா ஒரே பக்கத்துல எழுதினோம். பில் நம்பர், தேதி, தொகை, மாடல், சீரியல் நம்பர், அப்புறம் மெக்கானிக் வந்த மூணு தேதியும் ஜாப் ஷீட் நம்பரோட. மெக்கானிக் கையால "கூலிங் இல்லை"னு எழுதிக் குடுத்த அந்த சீட்டுதான் பெரிய சாட்சி, அத கேட்டு வாங்காம விட்டுடாதீங்க. கேட்டது: வேற ஃபிரிட்ஜ், இல்லன்னா முழுப் பணம். "இந்த நோட்டீஸ் கிடைச்ச 15 நாளுக்குள்ள செய்யலன்னா சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் தருவேன்." போலீஸுக்கு போவேன், ஃபேஸ்புக்ல போடுவேன்னு எதுவும் சேக்கல, அதெல்லாம் நம்ம பக்கத்த பலவீனமாக்கும்.

கடைக்கும் கம்பெனிக்கும் தனித்தனியா ஸ்பீட் போஸ்ட், பில் நகல் வெச்சு. ரசீது பத்திரம், டெலிவரி ஆனதும் டிராக்கிங்க பிரிண்ட் எடுத்துடணும். வாங்க மறுத்து கவர் திரும்பி வந்துச்சுன்னா பிரிக்காம அப்படியே வைங்க, மறுத்துட்டாங்கங்கறதுக்கு அதுவே ஆதாரம்.

நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. பிரச்சனை எழுந்த நாள்லேர்ந்து 2 வருஷத்துக்குள்ள புகார் தரணும், நோட்டீஸ் அனுப்பிட்டா அந்த கணக்கு நிக்காது, திரும்பத் திரும்ப லெட்டர் போட்டாலும் நீளாது. "பாக்குறோம் மேடம், அடுத்த வாரம்"னு கடைக்காரர் இழுக்க இழுக்க போறது நம்ம நாள்தான். 15 நாள் முடிஞ்சா 16வது நாள் புகார தயார் பண்ண ஆரம்பிங்க, குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே கூட போடலாம்.

அக்காவுக்கு 12வது நாள் கடைலேர்ந்து போன், "கேஸெல்லாம் எதுக்கும்மா, வந்து வேற எடுத்துக்கோங்க"ன்னு. உடனே எனக்கு போன் பண்ணாங்க. வாய்ல சொன்னத வாட்ஸ்அப்ல எழுதித் தரச் சொல்லுங்கக்கா, பழச ஏத்தி விடறதுக்கு முன்னாடி புது சீரியல் நம்பரோட பில்லும், அன்னைக்கு தேதி போட்ட வாரண்டி கார்டும் கைல வாங்கிடுங்கன்னு சொன்னேன். ரெண்டயும் வாங்கினப்புறம்தான் பழைய ஃபிரிட்ஜ வண்டில ஏத்த விட்டாங்க.