லேகிய டப்பாவும் சர்க்கரை அளவும்: ஒரு ஃபவுண்டரி முகாமில் நான் பேசியது

கோயம்புத்தூர் ஃபவுண்டரி ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை நடந்த மருத்துவ முகாமில், ஆண்களின் பாலியல் நலம் குறித்துப் பேச என்னை அழைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தில் யாரும் கையைத் தூக்கிக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அனுபவத்தில் தெரியுமாதலால், பெயர் எழுதாமல் சீட்டில் எழுதிப் போடுமாறு ஓர் அட்டைப்பெட்டியை முன்கூட்டியே வைக்கச் சொல்லியிருந்தேன். சம்பளச் சீட்டின் பின்புறத்திலும், கோர் ஷாப்பின் உற்பத்தி அட்டையைக் கிழித்தும் எழுதப்பட்டிருந்த அந்தச் சீட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான் இருந்தது: சிறுவயதில் செய்த கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டது, இனி சரியாகுமா?

இருபது ஆண்டுகளாக இதே கேள்விக்குப் பதில் சொல்லி வருகிறேன். அன்று பேச்சு முடிந்ததும், கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றிருந்த ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். நாற்பத்து நான்கு வயது, ஃபர்னஸ் பிரிவில் வேலை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இரண்டு ஆண்டுகளாக விறைப்பு சரியாக வருவதில்லை. மஞ்சள் பையிலிருந்து பழுப்பு நிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் தயாரிப்பாளர் பெயர் இல்லை. என்னென்ன சேர்ந்தது என்ற விவரமும் இல்லை. மாதம் ஒருமுறை லாட்ஜில் அறையெடுத்துத் தங்கும் வைத்தியர் ஒருவரிடம் வாங்கியது. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து இதுவரை நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறார்.

“எல்லாம் இளவயசுல பண்ணுன தப்புங்க டாக்டர். அப்ப வீணாக்குனதுக்கு இப்ப அனுபவிக்கிறேன்” என்றார்.

முகாமில் அவருடைய விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 312. இரத்த அழுத்தம் 150/96. ஆறு மாதமாகப் பாதங்களில் மதமதப்பு இருந்தும், பாதுகாப்புக் காலணி இறுக்கம் என்று நினைத்து அதை விட்டுவிட்டார். இரண்டு ஆண்டுகள் வைத்தியம் பார்த்தவர் ஒருமுறைகூட அவருடைய இரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை.

விறைப்பு என்பது முதன்மையாக இரத்த ஓட்டம் சார்ந்தது. அதற்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகளின் உள்விட்டம் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர். இதயத் தமனிகளுக்கு மூன்று முதல் நான்கு. சர்க்கரையும் புகையும் உயர் அழுத்தமும் கொழுப்பும் உடம்பெங்கும் உள்ள குழாய்களை ஒருசேரக் கெடுக்கும்போது, மெல்லிய குழாய்தான் முதலில் அடையாளம் காட்டும். அதனால்தான் பலருக்கு நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே விறைப்புக் குறைபாடு தொடங்கிவிடுகிறது. நாற்பது வயதைக் கடந்த ஒருவர் இந்தக் குறையோடு வந்தால், நாங்கள் முதலில் யோசிப்பது அவருடைய இதயத்தைப் பற்றித்தான்.

இனி அந்தக் கைப்பழக்கக் கதைக்கு வருகிறேன். இதைப் பொறுமையாக, முழுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அவர் இரண்டு ஆண்டுகள் மருத்துவமனைப் பக்கம் வராததற்கு இந்த நம்பிக்கைதான் காரணம். செய்த தப்புக்குத் தண்டனை என்று நினைப்பவர் இரத்தப் பரிசோதனைக்கு எப்படி வருவார்?

‘ஒரு துளி விந்து நூறு துளி ரத்தம்’ என்கிறார்கள். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருமுறை வெளியேறும் விந்து சுமார் 3 மில்லி, அதாவது ஏறத்தாழ அறுபது துளி. ஒரு துளிக்கு நூறு துளி இரத்தம் செலவானால் ஆறாயிரம் துளி, அதாவது 300 மில்லி இரத்தம். இரத்த தான முகாமில் ஒருமுறை எடுக்கும் அளவுக்கு இது நெருங்கிவிடுகிறது. வாரம் மூன்று முறை இப்படி இழக்கும் இளைஞன் ஒரு மாதத்தில் மூன்றரை லிட்டருக்கு மேல் இழந்திருக்க வேண்டும். அவன் வெளுத்துப்போய், மூச்சிரைத்து, படுக்கையில் விழுந்திருப்பான். இந்த நண்பருடைய ஹீமோகுளோபின் அன்று காலை 14.6. அதைக் காட்டி, எந்த இரத்தத்தை இழந்தீர்கள் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

விந்து இரத்தத்திலிருந்து கடைந்தெடுக்கப்படும் வெண்ணெய் அன்று. அதன் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். விந்தணுக்களின் பங்கு நூற்றில் சில பங்குதான். உமிழ்நீர் எப்படித் துப்பினாலும் விழுங்கினாலும் மீண்டும் சுரக்கிறதோ, அப்படித்தான் இதுவும். விந்தணு ஒன்று உருவாகி முதிர ஏறத்தாழ 70 நாட்கள் ஆகும். அந்த வேலை ஒவ்வொரு நாளும் ஓயாமல் நடக்கிறது. வெளியேறாதவற்றை உடல் தானே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும், அல்லது தூக்கத்தில் வெளியேற்றும். இதில் சேமிப்பு என்று ஒன்று இல்லை, ஆகவே காலியாவதற்கும் ஒன்றும் இல்லை. இருபது வயதில் செய்த சுயஇன்பம் நாற்பத்து நான்கு வயதில் விறைப்பைக் கெடுக்காது. ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற பெயரில் சுவரொட்டிகளில் விற்கப்படும் நோய் எந்த மருத்துவப் பாடநூலிலும் கிடையாது. சர்க்கரையால் நரம்பு கெடுவது உண்மை. அதற்கும் கைப்பழக்கத்துக்கும் தொடர்பில்லை.

சிறுநீரில் விந்து போகிறது என்று சில சீட்டுகளில் எழுதியிருந்தார்கள். சிறுநீர் வெள்ளையாகக் கலங்கியிருப்பது பெரும்பாலும் அதிலுள்ள பாஸ்பேட் உப்பினால். ஃபர்னஸ் பக்கத்தில் வியர்வை கொட்டக் கொட்ட வேலை செய்துவிட்டுத் தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்குச் சிறுநீர் அடர்ந்து, கலங்கல் எளிதில் கண்ணில் படும். ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சில துளி வினிகர் விட்டால் பாஸ்பேட் கரைந்து தெளிந்துவிடும். எரிச்சலோ சீழோ இருந்தால் மட்டும் அது தொற்று. அதற்குத் தாமதிக்காமல் வர வேண்டும். ஃபர்னஸ் சூட்டினால் ஆண்மை போய்விடுமா என்றும் கேட்கிறார்கள். தொடர்ந்த வெப்பம் விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும் என்பதால், குழந்தைக்காக முயல்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; விறைப்பு வேறு விஷயம்.

திரும்பவும் அந்த டப்பாவுக்கு வருகிறேன். லேகியம் முதல் மாதம் நன்றாகவே வேலை செய்தது என்றார் அவர். அதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் என்ன ஆகும் என்று கேட்டேன். முகம் சிவந்து சூடாகும், தலை வலிக்கும், மூக்கு அடைக்கும், சில நாட்களில் டியூப்லைட் வெளிச்சம் நீலமாகத் தெரியும் என்றார். மூலிகைச் சூடு என்று வைத்தியர் சொன்னாராம். இவை நான்கும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, விறைப்புக் குறைபாட்டுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் சில்டெனாஃபில் என்ற மருந்து. ஆய்வகத்தில் சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் இத்தகைய பொருள்களில் சில்டெனாஃபில் கலந்திருப்பதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் உட்படப் பல நாட்டு அமைப்புகள் மீண்டும் மீண்டும் கண்டறிந்து எச்சரித்துள்ளன. (பாலியல் திறனைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதே நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்கள் எப்படியிருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும்.)

சில்டெனாஃபில் கெட்ட மருந்து அன்று. நானே எழுதித் தருகிறேன். யாருக்கு, எவ்வளவு, வேறு எந்த மருந்தோடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நெஞ்சுவலிக்காக நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரிந்துவிடும். சார்ஜிங் மேடைக்குப் படியேறும்போது சில மாதங்களாக நெஞ்சு இறுகுகிறது என்று இந்த நண்பர் பேச்சினூடே சொன்னார், அதுவும் நான் கேட்டதால். ஏதோ ஓர் இரவில் லேகியம் சாப்பிட்டபின் அந்த இறுக்கம் அதிகமாகி அவசரப் பிரிவுக்கு வந்திருந்தால், பணியிலிருக்கும் மருத்துவர் நல்லெண்ணத்தோடு அந்த நைட்ரேட் மாத்திரையைக் கொடுத்திருப்பார். லேகியத்தில் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது.

டப்பாவை அன்றே நிறுத்தச் சொன்னேன். இசிஜி, டிரெட்மில், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, கொழுப்பு, சிறுநீரகச் சோதனை ஆகியவற்றுக்காக ஈஎஸ்ஐ மருத்துவமனைக்கு அனுப்பினேன். சராசரி 10.1 என்று வந்தது. இதய மருத்துவர் இரத்தக்குழாய் நோயின் தொடக்கம் என்று மருந்துகள் தொடங்கினார். பீடியை விடுவதற்கு அவருக்கு மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன. எட்டு மாதங்களுக்குப் பிறகு சராசரி 7.2, அவர் நைட்ரேட் எதுவும் எடுக்கவில்லை என்பதை உறுதிசெய்து, இதய மருத்துவரின் சம்மதத்தோடு, குறைந்த அளவு சில்டெனாஃபில் எழுதித் தந்தேன். முழுமையாகப் பழையபடி ஆகவில்லை, ஆகாது என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை. சர்க்கரையால் கெட்ட நரம்பு முழுதாகத் திரும்புவது அரிது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால் இன்னும் அதிகம் மீட்டிருக்கலாம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அதிகாலையில் தானாக விறைப்பு வருகிறதா என்று கவனியுங்கள். அது நன்றாக வந்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும் தவறினால், குழாயும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. பயமும் அவசரமும் நைட் ஷிஃப்டின் தூக்கக் குறைவும்தான் காரணமாக இருக்கும். அதிகாலை விறைப்பே மெல்ல மெல்லக் குறைந்து நின்றுபோனால், வயது எதுவானாலும் பரிசோதனைக்கு வாருங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களே, உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் ஈஎஸ்ஐக்குப் பிடிக்கிறார்கள். சர்க்கரையும் அழுத்தமும் பார்க்க அங்கே போக உங்களுக்கு என்ன தயக்கம்? பிரச்சினையைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் “சுகர் பார்க்கணும்” என்று மட்டும் சொல்லி உள்ளே வாருங்கள்; கதவைச் சாத்திய பிறகு மீதியைச் சொல்லலாம். ஷிஃப்டில் உடன் இருப்பவர் கொடுத்தார் என்று மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். அழுத்தத்துக்கான மாத்திரையால்தான் இப்படி என்று நீங்களே நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகள் அப்படிச் செய்யக்கூடும், மாற்றித் தர எங்களால் முடியும். எந்த மருந்துக்குப் பிறகும் விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் இருந்தால், வெட்கம் பார்த்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். அது அவசர சிகிச்சை.

இன்னும் ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். நெஞ்சுவலி என்று எந்த மருத்துவமனைக்குப் போனாலும், இரண்டு நாட்களுக்குள் லேகியமோ சூரணமோ ‘அந்த’ மாத்திரையோ சாப்பிட்டிருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள். மனைவி பக்கத்தில் இருக்கிறார் என்று தயங்கினால், அவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.