மல்லியை வேகவைத்தால் மணம் வராது

விடியற்காலையில் கோயம்பேட்டுக்கு வந்திறங்கும் மல்லி மொட்டுக்கு அவ்வளவாக வாசனை இருக்காது. அதே மொட்டு சாயங்காலம் தலையில் விரியும்போது பஸ் முழுக்க மணக்கும். செடியிலிருந்து பறித்த பிறகும் மல்லி உயிரோடுதான் இருக்கிறது. இதழ் விரிய விரியத்தான் மணத்தின் பெரும்பகுதியை அது உண்டாக்குகிறது. அதனால் மல்லியில் எண்ணெய் எடுப்பவர்கள் மொட்டை மெல்லிசாகப் பரப்பி வைத்து, விரியும்வரை காத்திருப்பார்கள். மூட்டையிலேயே விட்டால் உள்ளே சூடேறிப் பூ பழுத்துப் புளித்துவிடும். அந்தப் புளிப்பு கடைசிச் சொட்டுவரை கூடவே வரும்.

ரோஜாவில் எண்ணெய் எடுக்க நீராவி போதும். எண்ணெயும் தண்ணீரும் கலக்காதவை என்பதால் இரண்டின் ஆவியழுத்தமும் கூடி, 200 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பொருள்கூட 100 டிகிரிக்குள் ஆவியோடு ஏறிவருகிறது. குளிரவைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். ரோஜா மணத்தின் முக்கியப் பங்கான ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் மட்டும் பெருமளவு தண்ணீரிலேயே தங்கிவிடும். கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீர் மணப்பது அதனால்தான்.

மல்லியில் இது பலிக்காது. எண்ணெய் மிகக் குறைவு. சூட்டில் மென்மையான மணங்கள் சிதைந்து, வெந்த பூ நாற்றம்தான் மிஞ்சும்.

அதனால் கரைப்பான். பூ நசுங்காதபடி துளையிட்ட தட்டுகளில் அடுக்கி, எஃகுக் கலத்தில் வைத்து, ஹெக்ஸேன் என்ற பெட்ரோலியக் கரைப்பானால் இரண்டு மூன்று முறை கழுவுவார்கள். ஹெக்ஸேன் 69 டிகிரியில் கொதிப்பது. வெற்றிடத்தில் இன்னும் குறைந்த சூட்டிலேயே பிரிந்துவிடும். அடியில் மிஞ்சும் மெழுகுக் கட்டிக்குக் ‘கான்கிரீட்’ என்று பெயர். 1000 கிலோ ஜாதிமல்லிக்குச் சுமார் 3 கிலோ கிடைக்கும். அதை எத்தில் ஆல்கஹாலில் கரைத்து, பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்வித்தால் மெழுகு உறைந்து பிரியும். வடிகட்டி ஆல்கஹாலை நீக்கினால் மிஞ்சும் மண எண்ணெய்தான் ‘அப்சல்யூட்’, ஏறத்தாழ ஒன்றரை கிலோ. குளிர்விப்பில் அவசரப்பட்டால் மெழுகு தங்கிவிடும். சோதிப்பது எளிது: கொஞ்சத்தை ஆல்கஹாலில் கரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், கலங்கினால் வேலை அரைகுறை. பெட்ரோல் வாடை அடித்தால் ஹெக்ஸேன் முழுதாகப் போகவில்லை.

ஆனால் ஹெக்ஸேனில் முக்கியதும் பூ செத்துவிடுகிறது. அதன்பின் புதிதாக மணம் ஊறாது. பிரான்ஸின் கிராஸ் ஊரில் வளர்ந்த ஆன்ஃப்ளூராஜ் முறை இந்த இழப்பைத்தான் தவிர்த்தது. கண்ணாடித் தட்டில் சுத்திகரித்த பன்றி, மாட்டுக் கொழுப்பைப் பூசி, மேலே மல்லியைப் பரப்புவார்கள். பூ விடும் மணத்தைக் கொழுப்பு ஒரு நாள் முழுக்க உறிஞ்சும். மறுநாள் பழையதைப் பொறுக்கிவிட்டுப் புதுப் பூ. ஈரப் பூவை வைத்தால் கொழுப்பு காறிப்போகும். வாரக்கணக்கில் இப்படி மாற்றியபின் கொழுப்பை ஆல்கஹாலால் கழுவினால் அப்சல்யூட். ரோஜாவுக்கு இது வீண். பறித்த பிறகு அது மணம் ஊறவைப்பதில்லை. மல்லியும் சம்பங்கியும் ஊறவைக்கும். இவ்வளவு கைவேலைக்குக் கூலி கட்டாது என்பதால் இன்று தொழிற்சாலைகளில் இந்த முறை அநேகமாக இல்லை.