வடிவமைப்பாளர் சோதித்தால் போதுமா? இணையத்தளத்தைப் பொறுப்பேற்கும் கையொப்பம்

"தளத்தை முழுதாய்ச் சோதிச்சிட்டம், கையொப்பம் வையுங்கோ" என்று வடிவமைப்பாளர் தாளை நீட்டும்போது, இரண்டு வெவ்வேறு வேலைகள் ஒன்றாகிவிடுகின்றன. அவர் செய்தது தரக்கட்டுப்பாடு. செய்த பொருள் பிழையின்றி இருக்கிறதா என்று செய்தவர்களே பார்ப்பது அது. கேட்டது கிடைத்ததா என்று கேட்டவர் பார்த்து, எழுத்தில் ஏற்றுக்கொள்வது செயற்பரப்பை உறுதிப்படுத்தல். பெரும்பாலும் முதலாவது முடிந்த பிறகே இரண்டாவது வரும்.

கிளிநொச்சியில் ஒரு விவசாயக் கூட்டுறவுச் சங்கம் தளம் செய்விக்கிறது என்று வைப்போம். உடன்படிக்கையில் ஒரு வரி: "சங்கத்தின் எழுதுவினைஞர் அலுவலகக் கணினியிலிருந்து, பிறர் உதவியின்றி, 15 நிமிடத்துக்குள் விலைப்பட்டியலை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும்."

வடிவமைப்பாளர் குழு பட்டியலைத் திறந்து, யூனிகோட்டில் தட்டச்சுச் செய்து, சேமித்துப் பார்க்கிறது. எல்லாம் சரி. ஒப்படைப்பு நாளில் எழுதுவினைஞர் வழக்கம்போல பாமினியில் அடித்து வைத்த பட்டியலை ஒட்டுகிறார். "நெல்" இருக்க வேண்டிய இடத்தில் `ney;` என்று வருகிறது. பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத பக்கத்தில் உள்ளிருக்கும் ஆங்கில எழுத்துதான் தெரியும். இலக்கங்கள் மாறாததால் விலைகள் மட்டும் சரியாக நிற்கும். அவசரத்தில் பார்ப்பவர் இதைத் தவறவிட அதுவே காரணமாகிவிடும்.

தளத்தில் பிழை இல்லை, ஆனாலும் நிபந்தனை நிறைவேறவில்லை. ஆகவே அந்த வரிக்கு எதிரே "ஏற்கப்படவில்லை" என்றும் காரணத்தையும் எழுத வேண்டும். மற்ற வரிகளை ஏற்பதற்கு இது தடையில்லை. "பிறகு திருத்தித் தருவம்" என்ற வாய்ச்சொல்லை நம்பி முழுவதற்கும் கையொப்பம் வைத்தால், இறுதிக் கொடுப்பனவோடு கேட்கும் பிடியும் போய்விடும்.

திருத்தம் வந்ததும் நேரே சங்கத்திடம் காட்டக்கூடாது. முதலில் குழு மறுபடி சோதிக்க வேண்டும். ஒட்டுவதையெல்லாம் தானாக யூனிகோட்டாக்கும் கருவியைப் பொருத்தினால், அதற்கு ஆங்கிலம் எது, பாமினி எது என்று தெரியாது. மின்னஞ்சல் முகவரியும் தமிழாகிக் குழம்பும். பொருட்பெயர் நிரலுக்கு மட்டும் மாற்றும் பொத்தான் வைப்பது பாதுகாப்பானது. பிறகு அதே எழுதுவினைஞர், அதே கணினியில், அதே கோப்போடு செய்துபார்க்க வேண்டும். முகாமையாளரின் புதுக் கைபேசியில் காட்டுவது இதற்கு ஈடாகாது.

அந்த நேரத்தில் தலைவர், "இதிலேயே காசு கட்டவும் வழி வேணும்" என்று கேட்கலாம். உடன்படிக்கையில் அது இல்லையென்றால் அதை வைத்து ஏற்பை மறுப்பது நியாயமில்லை. அது மாற்றக் கோரிக்கை. செலவும் காலமும் தனியே பேசப்பட வேண்டும்.

ஏற்புத் தாளில் ஒவ்வொரு நிபந்தனையும், அது பார்க்கப்பட்ட திகதியும், முடிவும் இருக்கட்டும். கையொப்பம் உடன்படிக்கையில் அதிகாரம் பெற்றவருடையது. செய்துபார்த்த எழுதுவினைஞரின் பெயரும் பக்கத்தில் இருக்கட்டும்.