அந்த ½ எங்கிருந்து வந்தது?

யீஷூனிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படிக்கிறார். தீபாவளிக்கு வீட்டு வாசலில் தொங்கவிட, அக்ரிலிக் தகட்டில் பாதி இலை வடிவம் வெட்டியிருக்கிறார். அடிப்பக்கம் 20 செ.மீ. நீளமான நேர்கோடு. வலப்பக்கம் 10 செ.மீ. உயரம். மேல் விளிம்பு, இடது முனையிலிருந்து y² = 5x என்று வளைந்து ஏறும் பரவளையம். நிறை மையத்தைக் கணக்கிட்டபோது முனையிலிருந்து 12 செ.மீ., அடியிலிருந்து 7.5 செ.மீ. என்று வந்ததாம். அந்தப் புள்ளியை ஆணி முனையில் வைத்தால் தகடு சரிந்து விழுகிறது. “புள்ளி தகட்டுக்குள்தானே இருக்கிறது? எங்கே தவறினேன்?” என்று கேட்கிறார்.

12 சரி. 7.5 தவறு. அது தகட்டுக்குள் விழுந்ததுதான் அவரை ஏமாற்றிவிட்டது. அந்த இடத்தில் தகட்டின் உயரம் ஏறத்தாழ 7.75 செ.மீ. அப்படியானால் நிறை மையம் மேல் விளிம்பை ஒட்டி, கால் சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று ஆகிவிடும். தகட்டின் பெரும்பகுதி அதற்குக் கீழே இருக்கும்போது அது எப்படி நிற்கும்?

தகட்டைச் செங்குத்தான மெல்லிய பட்டைகளாக நறுக்குங்கள். ஒரு பட்டையின் அகலம் dx, உயரம் y. தகடு எங்கும் ஒரே தடிமன் என்பதால் நிறைக்குப் பதில் பரப்பையே எடுத்துக்கொள்ளலாம். பட்டையின் பரப்பு y dx. எல்லாவற்றையும் கூட்டினால் 133.3 ச.செ.மீ. இடது முனையிலிருந்து பட்டை இருக்கும் தூரம் x. எனவே அதன் திருப்புத்திறன் x·y dx. 0 முதல் 20 வரை தொகையிட்டால் 1600. அதை 133.3 ஆல் வகுத்தால் 12. இதுவரை தம்பி பிழையின்றிச் செய்திருக்கிறார்.

உயரத்தைக் காணும்போதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. இப்போது தூரத்தை அடிக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும். ஆனால் பட்டை அடிக்கோட்டில் தொடங்கி y வரை நீண்டு நிற்கிறதே, எந்தத் தூரத்தை எடுப்பது? பட்டையை ஒரு மரச்சட்டம் என்று நினையுங்கள். சட்டத்தை விரலில் நிறுத்த நடுவில்தான் பிடிப்போம். அதன் மொத்த நிறையும் பாதி உயரத்தில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். ஆகவே தூரம் y/2, நிறை y dx. இரண்டையும் பெருக்கினால் ½y² dx.

இங்கே y இரண்டு முறை வருகிறது, இரண்டுக்கும் காரணம் வேறு. உயரமான பட்டை கனமானது என்பதால் ஒரு முறை. அதன் நடுப்புள்ளியும் உயரத்தில் இருக்கிறது என்பதால் இன்னொரு முறை. அதனால்தான் இரு மடங்கு உயரமான பட்டை நான்கு மடங்கு திருப்புத்திறன் தருகிறது. இந்தப் படத்தைக் காட்டாமல் சூத்திரத்தை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போடுவதை என்னால் ஏற்கவே முடிவதில்லை. படம் மனத்தில் இருந்தால் ½ மறக்கவே மறக்காது.

```
½ ∫ y² dx = ½ ∫ 5x dx = ½ × 1000 = 500
500 ÷ 133.3 = 3.75
```

நிறை மையம் அடியிலிருந்து 3.75 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. தம்பி அந்தப் பாதியை விட்டுவிட்டதால் இரு மடங்கு வந்துவிட்டது.

நானும் அதே அளவில் ஓர் அட்டையை வெட்டிச் சோதித்தேன். இடது முனையை ஒட்டிக் குண்டூசி குத்திச் சுவரில் தொங்கவிட்டேன். அதே ஊசியில் தையல் நூலைக் கட்டி, நுனியில் வீட்டுச் சாவியை மாட்டினேன். ஆட்டம் நின்றதும் நூல் நிறை மையத்தின் மீதே செல்லும். 3.75 சரியானால் நூல் 10 செ.மீ. விளிம்பை அடியிலிருந்து 6.25 செ.மீ. தள்ளிக் கடக்க வேண்டும். 7.5 சரியானால் அந்த விளிம்பைத் தொடாமலே, வளைந்த விளிம்பு வழியாக நூல் வெளியேறிவிடும். என் அட்டையில் அது 6 செ.மீ. கோட்டைத் தாண்டிச் சற்றே அப்பால் நின்றது. ஊசித் துளை முனையிலிருந்து சில மில்லிமீட்டர் உள்ளே இருந்ததால் இம்மியளவு விலகல்.

நூலும் ஊசியும் இல்லாமலும் சரிபார்க்கலாம். அதே தகட்டைக் கிடைமட்டப் பட்டைகளாக நறுக்குங்கள். y உயரத்தில் உள்ள பட்டை வளைகோட்டில் தொடங்கி வலது விளிம்பு வரை செல்லும். அதன் நீளம் 20 − y²/5. அந்தப் பட்டை முழுவதும் ஒரே உயரத்தில் படுத்திருப்பதால் தூரம் நேராக y. இங்கே பாதிக்கு வேலையே இல்லை.

```
∫ y(20 − y²/5) dy = 1000 − 500 = 500
```

வேறு வழியில் நறுக்கியும் அதே 500.

தம்பி கடிதத்தின் கடைசியில், இலையின் மேற்பகுதிக்கு மட்டும் தடித்த வண்ணம் பூசப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அப்போது செங்குத்துப் பட்டையின் மேல்முனை கனத்துவிடும், நடுப்புள்ளி அதன் நிறை மையமாக இருக்காது, ½y² செல்லாது. கிடைமட்டப் பட்டைகள் அப்போதும் கைகொடுக்கும். வண்ணம் உயரத்தைப் பொறுத்து மட்டும் மாறும்வரை ஒவ்வொரு பட்டையும் தன் நீளம் முழுவதும் ஒரே கனம்தான். அந்தக் கனத்தை இரண்டு தொகையீடுகளுக்குள்ளும் பெருக்க வேண்டும், மேலே திருப்புத்திறனிலும் கீழே மொத்த நிறையிலும். கீழே பழைய 133.3ஐயே வைத்து வகுத்தால் தகடு மறுபடியும் ஆணியிலிருந்து விழும்.