எடை ஒன்று, தடிமன் வேறு: ராப்பர் அளவில் நான் விட்ட நாலு மில்லிமீட்டர்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் டிடிபி, அட்டை வடிவமைப்பு என்று தொழில் பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் தமிழில் எழுதுகிறவர்கள் நிறைய. ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர், எங்கள் பேச்சில் மாஷ், தன் பள்ளிக்கூட நினைவுகளை எழுதிக் கொண்டுவந்தார். டெம்மி அளவு, 140 × 216 மில்லிமீட்டர். பக்கங்கள் 272, அதாவது பதினாறு பக்கப் பாரமாகச் சரியாக 17 பாரம். முன்னட்டை வெளிர் மஞ்சள், அதில் ஒரு கரிம்பனை. முதுகு முழுக்க அடர் பழுப்பு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, கணினித் திரையில்.

அச்சகத்தைக் கேட்டேன், என்ன பேப்பர் என்று. “70 ஜிஎஸ்எம்” என்றார்கள். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ என் கையில் எத்தனையோ முறை 0.09 மில்லிமீட்டர் வந்திருக்கிறது. அதையே வைத்து முதுகின் அகலத்தைக் கணக்கிட்டு, பின்னட்டை, முதுகு, முன்னட்டை மூன்றும் ஒன்றாக வரும் ராப்பர் ஃபைலை அனுப்பிவிட்டேன். வழக்கம்போல அட்டையை முதலில் அச்சடித்து லேமினேஷனும் போட்டுவிட்டார்கள். உள்பக்கங்கள் முடிந்து நாலைந்து பிரதி பைண்டிங் ஆனதும் மாஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். “ஏன் தம்பி, முதுகுக்குச் சட்டை பத்தலையா?” என்றார்.

பத்தவில்லைதான். பழுப்புப் பட்டையின் இரண்டு பக்கமும் முன்னட்டை, பின்னட்டையின் மஞ்சள் முதுகுக்குள் எட்டிப் பார்த்தது. ஸ்கேலை வைத்தால் பக்கத்துக்கு இரண்டு மில்லிமீட்டர்.

நடந்தது இதுதான். அச்சகத்தில் கைவசம் இருந்தது மேப்லித்தோ இல்லை, நேச்சுரல் ஷேடு பல்க்கி பேப்பர். அதுவும் 70 ஜிஎஸ்எம்தான். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. தடிமனைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அமுக்கி வைத்த பஞ்சும் உதறிப் போட்ட பஞ்சும் ஒரே எடையில் எவ்வளவு வித்தியாசமாக இடத்தை அடைக்கும்? அப்படித்தான் பல்க்கி பேப்பரில் நாருக்கு நடுவே காற்று அதிகம். அந்தத் தாள் 0.12 மில்லிமீட்டர் இருந்தது.

கணக்கு எளிது. எக்செல்லில் B1-ல் பக்க எண்ணிக்கை, B2-ல் ஒரு தாளின் தடிமன், B3-ல் அட்டையின் தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில்:

```
=B1/2*B2+2*B3
```

இரண்டால் வகுப்பது, ஒரு தாளில் இரண்டு பக்கம் இருப்பதால். அட்டையை இரண்டு தடவை சேர்ப்பது, அது முதுகின் இரண்டு ஓரத்திலும் மடிந்து போவதால். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு நான் அளந்தவரை 0.3 மில்லிமீட்டர் சுற்றி வருகிறது. ஆக நான் போட்ட கணக்கு 136 × 0.09 = 12.24, அதோடு 0.6, மொத்தம் 12.84. அதை 13 என்று வைத்தேன். போட்டிருக்க வேண்டியது 136 × 0.12 = 16.32, அதோடு 0.6, மொத்தம் 16.92. அதாவது 17.

வகுத்தலில் ஒரு பொறி உண்டு. அமேசானின் புத்தகம் அச்சிட்டுத் தரும் சேவையான கேடிபி மாதிரி இடங்களில் தருகிற எண் ஒரு பக்கத்துக்கானது, தாளுக்கானது இல்லை. வெள்ளைத் தாளுக்கு அவர்கள் சொல்வது பக்கத்துக்கு 0.0572 மில்லிமீட்டர். அதை நேராகப் பக்க எண்ணிக்கையால் பெருக்க வேண்டியதுதான். பழக்க தோஷத்தில் பாதியாக்கினால் பாதி முதுகுதான் கிடைக்கும். பக்க எண்ணிக்கை என்பதும் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண் இல்லை. முன்னுரைக்குத் தனி எண் போட்டிருந்தால் அதையும், பாரத்தை நிரப்ப விட்ட வெற்றுப் பக்கங்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். நடுவே ஆர்ட் பேப்பரில் படங்கள் வந்தால் அந்தத் தாள்களைத் தனியாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும்.

முதுகு கிடைத்துவிட்டால் ராப்பர் வெறும் கூட்டல். வெளிப்பக்கம் நம்மைப் பார்த்திருக்க, தமிழ்ப் புத்தகத்துக்கு இடது பக்கம் பின்னட்டை, நடுவே முதுகு, வலது பக்கம் முன்னட்டை. நாலு புறமும் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் ப்ளீட். மாஷின் புத்தகத்துக்கு 3 + 140 + 17 + 140 + 3 = 303 அகலம். உயரம் 216 + 6 = 222. கைடுகளை இடது விளிம்பிலிருந்து 143-லும் 160-லும் வைத்தால் முதுகு அதற்குள் உட்காரும். உள்ளே மடிக்கிற ஃபிளாப் வேண்டும் என்றால் இரண்டு ஓரத்திலும் அதன் அகலத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நான் கொடுத்த ராப்பர் 299 அகலம். வெட்டியபின் புத்தகத்துக்குத் தேவை 140 + 17 + 140 = 297. ஆக, பக்கத்துக்கு மூன்று என்று நினைத்து விட்ட ப்ளீட் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. பைண்டிங்கில் அட்டை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தாலே ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். மாஷ் முதுகைத்தான் பார்த்தார். மீதிப் பிரதிகளில் இரண்டின் வெளி ஓரத்தில் அந்தக் கோடும் இருந்தது. அட்டையை மறுபடி அச்சடித்தோம், செலவை அச்சகமும் நானும் பாதிப் பாதி. பேப்பர் மாறியதைச் சொல்லாதது அவர்கள் தப்பு, அளக்காமல் விட்டது என் தப்பு.

இப்போது எந்த வேலையாக இருந்தாலும் அச்சாகப் போகிற அதே ரீமிலிருந்து 50 தாள் வெட்டிக் கேட்கிறேன். ஒற்றைத் தாளை அளப்பதில் என் கைக்கு நம்பிக்கை இல்லை. 50 தாளையும் தட்டிச் சமப்படுத்தி, காற்று போக அழுத்திப் பிடித்து, வெர்னியரில் அளந்து 50-ஆல் வகுக்கிறேன். 6 மில்லிமீட்டர் வந்தால் தாள் 0.12. லூசாகப் பிடித்தால் அரை மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும், அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தடித்த புத்தகம் என்றால் எழுதாத தாளில் ஒரு டம்மி பைண்டிங் செய்து தரச் சொல்வதே நல்லது. தையல் போட்ட பைண்டிங்குக்கு டம்மி இல்லாமல் நான் அளவே கொடுப்பதில்லை, நூல் எவ்வளவு உப்பும் என்று எந்தச் சூத்திரத்தாலும் சொல்ல முடியாது.

இவ்வளவு அளந்தாலும் அரை மில்லிமீட்டர் இப்படி அப்படிப் போகும். அதனால் முதுகுக்குத் தனி நிறம் கொடுத்து, அது மடிப்பு விளிம்பில் கச்சிதமாக முடிய வேண்டும் என்று நினைப்பதே எனக்கு இப்போது வீம்பாகப் படுகிறது. முன்னட்டையின் நிறத்தையே முதுகிலும் ஓட விடுகிறேன். முதுகில் வரும் எழுத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டராவது இடம் விடுகிறேன். ஆறு மில்லிமீட்டருக்குக் குறைந்த முதுகில் தலைப்பே வைப்பதில்லை. மாஷுக்கு அதில் கொஞ்சம் வருத்தம், பழுப்புப் பட்டை அவருக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் பதிப்புக்கு ஒரு பாரம் கூட எழுதிச் சேர்த்தார், 288 பக்கம் ஆனது. பழைய 0.12-ஐ வைத்தால் 17.88 வருகிறது. அச்சகத்திலிருந்து 50 தாளை நூலால் கட்டி பஸ்ஸில் கொடுத்துவிட்டார்கள். அதே பேப்பர்தான் என்று சீட்டும் எழுதியிருந்தது. அளந்தேன், 6.2 வந்தது. 144 × 0.124, அதோடு 0.6 சேர்த்தால் 18.46. முதுகை 18.5 என்று மாற்றி, ராப்பரை 304.5-ஆக அனுப்பினேன்.