பெருக்கத்தை ஏற்றினால் அடங்கு நேரம் குறையுமா? ஒரு மோட்டாரின் 60 பாகைப் பயணம்

ஒரு நிலைக்காந்த டிசி மோட்டார், அதன் தண்டில் பற்சக்கரப் பெட்டி, வெளித்தண்டின் கோணத்தை அளக்கும் ஒரு பொட்டென்சியோமீட்டர் ஆகிய மூன்றும் உள்ள எளிய இடக்கட்டுப்பாட்டு அமைப்பை எடுத்துக்கொள்வோம். தண்டு இப்போது 0 பாகையில் நிற்கிறது. திடீரென 60 பாகைக்குப் போகும்படி கட்டளையிடுகிறோம். கட்டளை ஒரே கணத்தில் ஒரு படியைப் போல உயர்வதால் இதைப் படி உள்ளீடு என்கிறோம். தண்டு 60ஐ நோக்கி விரைந்து, அதைத் தாண்டிச் சென்று, திரும்பி வந்து, சிறிது ஊசலாடிய பிறகு நிலைகொள்கிறது. இலக்கைத் தாண்டிச் செல்லும் அளவை மிகைத்தாண்டல் என்றும், இலக்கை நோக்கி ஏற எடுக்கும் காலத்தை எழுநேரம் என்றும், ஊசல் முழுவதும் இலக்கைச் சுற்றிய 2 விழுக்காட்டுப் பட்டைக்குள் ஒடுங்க எடுக்கும் காலத்தை அடங்கு நேரம் என்றும் சொல்லலாம். இம்மூன்றும் ஒன்றோடொன்று எப்படிக் கட்டுண்டிருக்கின்றன என்பதைத் தெளிவாகக் காட்டுவதற்கு இந்த அமைப்பைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை என்பது என் கருத்து.

கட்டுப்படுத்தி செய்வது ஒன்றே: இலக்குக்கும் தற்போதைய கோணத்துக்கும் உள்ள பிழையை ஒரு பெருக்கத்தால் பெருக்கி, அதற்கேற்ற மின்னழுத்தத்தை மோட்டாருக்குக் கொடுக்கிறது. மின்னழுத்தம் கிடைத்தவுடனே மோட்டார் முழு வேகத்தை எட்டிவிடாது. சுழலும் பகுதிகளின் நிலைமம் அதைத் தாமதப்படுத்துகிறது. வேகம் கூடக்கூட, கொடுத்த மின்னழுத்தத்துக்கு எதிராக மோட்டாருக்குள்ளேயே எழும் மின்னழுத்தமான எதிர் மின்னியக்கு விசை அதை ஓர் எல்லையில் நிறுத்துகிறது. இறுதி வேகத்தின் 63 விழுக்காட்டை எட்டும் காலத்தை τ என்போம்; நம் மோட்டாருக்கு அது 0.1 நொடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாகைப் பிழைக்குக் கட்டுப்படுத்தி கொடுக்கும் மின்னழுத்தம், வெளித்தண்டை இறுதியில் நொடிக்கு எத்தனை பாகை சுழற்றும் என்பதை K குறிக்கட்டும். கோணம் θ, அதன் வேகம் θ', முடுக்கம் θ'', இலக்கு r எனில் இயக்கச் சமன்பாடு இவ்வாறு அமையும்:

```
τ·θ'' + θ' = K·(r − θ)
θ'' + 2ζωn·θ' + ωn²·θ = ωn²·r
ωn = √(K/τ)      ζ = 1 / (2√(Kτ))
```

இரண்டாவது வரி, எந்த இரண்டாம் வரிசை அமைப்புக்கும் பொதுவான வடிவம். ωn என்பது தணிப்பே இல்லாவிட்டால் அமைப்பு ஊசலாடும் இயல்பு அதிர்வெண். ζ என்பது தணிப்பு விகிதம். ζ ஒன்றைவிடக் குறைவாக இருந்தால் பிழை ஒரு சைன் அலையாக ஊசலாடும்; அந்த அலையின் வீச்சு `e^(−σt)` என்ற வேகத்தில் தேயும். இதில் `σ = ζωn`. ஊசலின் அதிர்வெண் `ωd = ωn√(1 − ζ²)`.

மிகைத்தாண்டலை ζ மட்டுமே தீர்மானிப்பதற்கான காரணம் இந்த இரண்டு அளவுகளில்தான் இருக்கிறது. தண்டு தன் முதல் உச்சத்தை அடைவது ஊசலின் அரைச் சுற்று முடியும்போது, அதாவது π/ωd நொடியில். அந்த அரைச் சுற்றுக்குள் வீச்சு எவ்வளவு தேய்கிறது என்பதே உச்சத்தின் உயரத்தை முடிவுசெய்கிறது. தேய்வின் அடுக்கு σ·π/ωd. இதில் மேலும் கீழும் ωn இருப்பதால் அது நீங்கிவிட, மிகைத்தாண்டலின் விகிதமான Mp-க்கு எஞ்சுவது இதுதான்:

```
Mp = e^(−πζ/√(1 − ζ²))
```

ωn அதிகமானால் தேய்வும் விரைவாகிறது, ஊசலும் அதே விகிதத்தில் விரைவாகிறது. ஆகவே ஒரு அரைச் சுற்றுக்குள் நிகழும் தேய்வு மாறுவதில்லை. ζ = 0.5 என்றால், நொடிக்கு நூறு முறை ஊசலாடும் சிறு கருவியானாலும் நிமிடக்கணக்கில் ஆடும் பெரிய அமைப்பானாலும் மிகைத்தாண்டல் 16.3 விழுக்காடுதான்.

இப்போது எண்களுக்கு வருவோம். K = 10 என்று வைத்தால் ωn = √(10/0.1) = 10 ரேடியன்/நொடி; ζ = 1/(2√1) = 0.5; ωd = 8.66; σ = 5. தண்டு 60 பாகையை 9.8 பாகை தாண்டி, ஏறத்தாழ 69.8 பாகை வரை செல்லும். அந்த உச்சம் 3.14/8.66, அதாவது 0.36 நொடியில் நிகழும். எழுநேரத்துக்குப் பொறியாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வரையறை, பயணத்தின் 10 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காடு வரை செல்லும் காலம். இதற்குச் சரியான எளிய சூத்திரம் கிடையாது, ζ 0.5க்கு அருகில் இருக்கும்போது 1.8/ωn என்பது போதுமான மதிப்பீடு. அது இங்கே 0.18 நொடியைத் தருகிறது. முழுமையாகக் கணக்கிட்டால் கிடைப்பது 0.164 நொடி. அடங்கு நேரத்துக்கு, தேயும் வீச்சு ஐம்பதில் ஒரு பங்காக ஆகும் காலத்தை எடுக்கிறோம். 50இன் இயல் மடக்கை 3.91 என்பதால் அது 4/σ என்று சுருங்குகிறது: 4/5 = 0.8 நொடி. சமன்பாட்டை நேரடியாகத் தீர்த்தால் 0.81 நொடி வருகிறது. மதிப்பீடு இங்கே நன்றாகவே பொருந்துகிறது.

அமைப்பு மெதுவாக இருக்கிறது என்று கருதுபவர் முதலில் கைவைப்பது பெருக்கத்தில்தான். K-ஐ 40 ஆக்கினால் ωn இரு மடங்காகி 20 ஆகிறது. எழுநேரம் பாதிக்கும் கீழாகக் குறைகிறது. ஆனால் ζ 0.25க்கு இறங்குவதால் மிகைத்தாண்டல் 44 விழுக்காடாக எகிறுகிறது. தண்டு 86 பாகைக்கும் மேலே போய்த் திரும்புகிறது. அடங்கு நேரம் என்ன ஆயிற்று? σ = 0.25 × 20 = 5. அதே 5, ஆகவே அதே 0.8 நொடி மதிப்பீடு. இது தற்செயல் அன்று. σ = ζωn என்பதில் மேலே உள்ள கோவைகளை இட்டுப் பாருங்கள்: K முழுவதுமாக நீங்கி, σ = 1/(2τ) என்பது மட்டும் நிற்கும். பெருக்கம் ஊசலை விரைவாக்குகிறது. ஊசலைத் தேய்க்கும் ஆற்றல் மோட்டாரின் எதிர் மின்னியக்கு விசையிலிருந்தும் உராய்விலிருந்தும் வருவதால், அதைப் பெருக்கத்தால் தொட முடியாது. இந்த மோட்டாரை எவ்வளவு முடுக்கினாலும் 8τ என்ற அடங்கு நேரத்தின் சுற்றுவட்டாரத்தைவிட்டு அதிகம் விலக முடியாது.

சுற்றுவட்டாரம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 4/σ என்பது வீச்சின் உறை வளைவைப் பற்றிய மதிப்பீடு. உண்மையான வளைவு அந்த உறைக்குள்ளே ஏறி இறங்குகிறது, சில வேளைகளில் உறை அனுமதிப்பதற்கு வெகு முன்பே பட்டைக்குள் ஒடுங்கிவிடுகிறது. K = 5 என்றால் ζ = 0.707, மிகைத்தாண்டல் 4.3 விழுக்காடு. அந்தச் சிறு மேடு 2 விழுக்காட்டுப் பட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், அது இறங்கி முடியும்வரை காத்திருக்க வேண்டும். உண்மையான அடங்கு நேரம் 0.84 நொடி. பெருக்கத்தைச் சற்றே குறைத்து K = 4.1 ஆக்கினால் ζ = 0.78 ஆகி, மிகைத்தாண்டல் சரியாக 2 விழுக்காட்டைத் தொட்டு நிற்கிறது. இப்போது மேடு பட்டைக்குள்ளேயே அடங்கிவிடுவதால், தண்டு முதன்முறை பட்டைக்குள் நுழையும் 0.56 நொடியே அடங்கு நேரம். பெருக்கத்தைக் குறைத்ததால் அமைப்பு விரைவாக அடங்கியிருக்கிறது! இன்னும் குறைத்து K = 2.5, ζ = 1 என்ற மாறுநிலைத் தணிப்புக்குப் போனால் மிகைத்தாண்டல் முற்றாக மறையும், ஆனால் அடங்கு நேரம் 1.17 நொடியாக நீளும். 4/σ அங்கேயும் 0.8 என்றே சொல்லும்; அது ஊசலாடும் அமைப்புக்கான மதிப்பீடு என்பதால், ζ ஒன்றை நெருங்கும்போது அதை நம்பக் கூடாது.

உண்மையிலேயே விரைவாக அடங்க வேண்டுமென்றால் தேய்வைத்தான் கூட்ட வேண்டும். மோட்டாரின் தண்டில் அதன் வேகத்தை அளக்கும் ஒரு டாக்கோமீட்டரைப் பொருத்தி, வேகத்துக்கு நேர்விகிதமான மின்னழுத்தத்தைப் பிழையின் மின்னழுத்தத்திலிருந்து கழித்தால் சமன்பாட்டில் θ' என்பது (1 + k)θ' ஆகிறது; எவ்வளவு கழிக்கிறோம் என்பதை k குறிக்கிறது. எதிர் மின்னியக்கு விசை செய்யும் வேலையையே கட்டுப்படுத்தியும் சேர்ந்து செய்கிறது. K = 40ஐ அப்படியே வைத்துக்கொண்டு ζ = 0.7 வேண்டுமென்றால், 2ζωn = 28 = (1 + k)/0.1; ஆகவே k = 1.8. இப்போது σ = 14, அடங்கு நேர மதிப்பீடு 4/14, அதாவது 0.29 நொடி, எழுநேரம் ஏறத்தாழ 0.11 நொடி, மிகைத்தாண்டல் 4.6 விழுக்காடு. வேகத்தைப் பின்னூட்டப் பாதையில் அளந்து கழிப்பது இங்கே முக்கியம். அதற்குப் பதிலாகப் பிழையின் மாறுவீதத்தை முன்பாதையில் சேர்த்தால் தணிப்பு விகிதம் அதேதான்; ஆனால் கட்டளை தாவும் கணத்தில் ஓர் உந்துதல் கூடுதலாகக் கிடைப்பதால், மேலே உள்ள சூத்திரம் சொல்வதைவிட மிகைத்தாண்டல் அதிகமாகும்.

இந்தக் கணக்கு முழுவதும், கேட்ட மின்னழுத்தத்தை மின்வழங்கி தரும் என்று எடுத்துக்கொள்கிறது. K = 10 இருக்கும்போது 60 பாகைப் பிழை, வெளித்தண்டை நொடிக்கு 600 பாகை சுழற்றக்கூடிய மின்னழுத்தத்தைக் கேட்கிறது. மின்வழங்கியின் எல்லை நொடிக்கு 300 பாகைக்கு மட்டுமே போதுமானதாக இருந்தால், பிழை 30 பாகையாகக் குறையும்வரை மின்னழுத்தம் எல்லையிலேயே தெவிட்டி நிற்கும்; அதுவரை அமைப்பு K என்ன என்பதையே அறியாது. கணக்கிட்டுப் பார்த்தால் உச்சம் 0.36 நொடிக்குப் பதில் 0.44 நொடியில் வருகிறது, மிகைத்தாண்டல் 9.8 பாகைக்குப் பதில் 7.6 பாகை, அதாவது 12.7 விழுக்காடு. இதிலிருந்து ζ-ஐக் கணித்தால் 0.55 என்ற தவறான மதிப்பு கிடைக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளியது. அதே அமைப்புக்கு 20 பாகைப் படியைக் கொடுத்துப் பாருங்கள். அது கேட்பது நொடிக்கு 200 பாகை மட்டுமே என்பதால் தெவிட்டல் நேராது, மிகைத்தாண்டல் 3.3 பாகை, அதாவது 16.3 விழுக்காடு. நேரியல் அமைப்பில் படியின் உயரம் மாறினாலும் விழுக்காடு மாறக் கூடாது. மாறினால் பெரிய படியின் அளவீட்டைக் கொண்டு ζ-ஐக் கணிக்கக் கூடாது. வேகம் எதுவானாலும் ஒரே அளவில் இயக்கத்தை எதிர்க்கும் உலர் உராய்வும் நம் சமன்பாட்டில் இல்லை; அதை அடையாளம் காண அடுத்தடுத்த உச்சங்களைப் பார்க்க வேண்டும். ζ = 0.5 என்றால், தெவிட்டாத 60 பாகைப் படியில் 9.8 பாகை மேலே, 1.6 பாகை கீழே, 0.26 பாகை மேலே என ஒவ்வொன்றும் முந்தையதன் 0.163 மடங்காக வர வேண்டும். இரண்டாவது அல்லது மூன்றாவது உச்சம் கணக்கைவிடச் சிறுத்துப்போய், தண்டு இலக்குக்கு அரைப் பாகை தள்ளியே நின்றுவிட்டால், அந்த அரைப் பாகைப் பிழை தரும் மின்னழுத்தம் உராய்வை வெல்லப் போதவில்லை என்று பொருள்.