மேனேஜருக்கு ஒரு லெட்டர்: ஹீமோபிலியா உள்ளவரு வேலைக்கு சேரும்போது

நம்ம கிளினிக்குக்கு வர்ற ஒரு தம்பி, கடுமையான ஹீமோபிலியா ஏ, அதாவது ரத்தம் சரியா உறையாத நோய் உள்ளவரு, அவருக்கு பக்கத்து தோட்டத்து எண்ணெய் மில்லுல லோரி எடை போடுற இடத்துல கிராணி வேலை கிடைச்சிருக்கு. "சிஸ்டர், சொல்லணுமா, மறைக்கணுமா?"ன்னு கேட்டாரு. முன்ன இருந்த வேலையில மறைச்சாரு. ஒருநாள் காலையில கணுக்கால் லேசா குறுகுறுன்னு சூடா இருந்திருக்கு, மூட்டுக்குள்ள ரத்தம் கசிய ஆரம்பிக்கும்போது அப்படித்தான் இருக்கும், ஆனா லீவு கேக்க கூச்சப்பட்டு ஷிப்ட் முடியிற வரைக்கும் நின்னுட்டாரு. சாயங்காலம் கால ஊன முடியல, அப்புறம் மூணு வாரம் ஊன்றுகோல்தான். காலையிலேயே ரத்தம் உறைய வைக்கிற ஃபேக்டர் ஊசி போட்டிருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காது.

அதனால உட்காந்து ஒரு லெட்டர் எழுதினோம். அவர் சம்மதத்தோட இங்க போடுறேன்.

"வணக்கம் ஐயா. என் ரத்தத்துல உறைய வைக்கிற ஃபேக்டர் 8 ரொம்ப கம்மி. சின்ன வெட்டுக்கு பயப்பட வேணாம், அழுத்திப் பிடிச்சு பிளாஸ்டர் போட்டா போதும். வெளிய தெரியாம மூட்டுலயும் தலைக்குள்ளயும் கசியிறதுதான் ஆபத்து.

எடை போடுறது, கணக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் செய்வேன். பழக்குலை தூக்குறது, ஏணி ஏறுறது, மோட்டார்ல தோட்டத்துக்குள்ள சுத்துறது மட்டும் வேணாம். திங்கள், புதன், வெள்ளி காலையில வீட்டுலயே ஃபேக்டர் ஊசி போட்டுட்டுதான் வருவேன். கிளினிக் தேதி கார்டை முன்னாடியே காட்டிடுவேன், வந்துபோன சிலிப்பும் தர்றேன்.

ஆபீஸ் ஐஸ்பெட்டியில என் ஃபேக்டர் மருந்து பாக்ஸ் ஒன்னு வைக்க இடம் குடுங்க, கீழ்த்தட்டுல, ஃப்ரீசர்ல வேணாம், உறைஞ்சா மருந்து வீணாயிரும். மூட்டு குறுகுறுன்னா சொல்லிட்டு ஊசி போட அரை மணி நேரம் எடுத்துக்குவேன்.

தலையில அடிபட்டா, காயம் இல்லாட்டியும், நானே 'ஒன்னும் இல்ல'ன்னு சொன்னாலும் நம்பாதீங்க. எனக்கு நினைவு இருந்தா நானே உடனே ஊசி போட்டுக்குவேன், அதுக்குள்ள 999 கூப்பிடுங்க. மயங்கிட்டா யாரும் ஊசி போட வேணாம், பாக்ஸையும் என் ஹீமோபிலியா கார்டையும் கூடவே அனுப்புங்க. வலிக்கு பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வேணாம், சதையில ஊசியும் கூடாது."

பாக்ஸை ஏன் கூடவே அனுப்பணும்னு மேனேஜர் கேட்டாராம், நல்ல கேள்வி. எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஃபேக்டர் ஸ்டாக் இருக்கும்னு நம்பி கிளம்பக் கூடாது. தலையில அடின்னா முதல்ல ஃபேக்டர், அப்புறம்தான் ஸ்கேன். தலைவலி, வாந்தி எல்லாம் பல மணி நேரம் கழிச்சுகூட வரலாம், அது வரட்டும்னு காத்திருந்தா லேட்டு. இவர் 60 கிலோ, கிலோவுக்கு 50 யூனிட்னா 3000 யூனிட், அதை கார்டுலயே எழுதிட்டோம். இது இவரோட அளவு, உங்களுக்கு எவ்வளவுன்னு உங்க டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்குங்க.

லெட்டர் மேனேஜர்கிட்டயும் முதலுதவி பாக்குறவர்கிட்டயும் மட்டும்தான் இருக்கு, மத்தவங்களுக்கு சொல்றதா வேணாமான்னு தம்பியோட முடிவு. நேத்து போன் பண்ணினாரு, ஐஸ்பெட்டியில கீழ்த்தட்டு குடுத்துட்டாங்களாம்.